ஃபிஃப்டி, நாட் ஃபிஃப்டீன்: லிசனிங்ல நம்பரை மாத்திச் சொல்றப்போ எதை எழுதணும்?

கேள்வி: ஐயெல்ட்ஸ் லிசனிங்ல பார்ட் 1-லயே மூணு நாலு மார்க் போகுது. பேசுறவங்க ஒரு நம்பர் சொல்லிட்டு சாரின்னு சொல்லி மாத்துறாங்க. கடைசியா சொன்னதை எழுதுனா போதும்னு கோச்சிங்ல சொன்னாங்க, அப்படி எழுதியும் தப்பாகுது. எதை எழுதணும்னு எப்படி முடிவு பண்றது? நான் நர்ஸ், ரெண்டு தடவையும் லிசனிங் 6.5.

பதில்: அந்த "கடைசி நம்பர்" ரூலை முதல்ல தூக்கிப் போடுங்க. நானும் ஆரம்பத்துல ரெண்டு மூணு வருஷம் அதையேதான் க்ளாஸ்ல சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன், அதனால உங்க கோச்சிங் சாரை குறை சொல்ல எனக்கு வாய் வராது. பத்துல ஆறேழு இடத்துல அந்த ரூல் வேலை செய்யும், அதான் அதோட ஆபத்தே. மிச்சம் இருக்கிற இடத்துல நல்லா கேட்டவங்களைத்தான் அது கவுத்துவிடும், ஏன்னா சரியா கேக்காதவங்க எப்படியும் ஏதோ ஒண்ணை எழுதுவாங்க, நீங்க எல்லா நம்பரையும் தெளிவா கேட்டுட்டு அதுல தப்பானதை எடுத்து எழுதுறீங்க. பதினோரு வருஷமா திருச்சியில இந்த க்ளாஸ் எடுக்குறேன், பாதிக்கு மேல நர்ஸிங் பசங்கதான், அவங்க விடைத்தாளைத் திருத்துனதுல பார்த்ததை வெச்சுதான் இதை எழுதுறேன்.

ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கிறேன். ரிசப்ஷனிஸ்ட் கேக்குறாங்க, "அண்ட் தட்ஸ் ஃபிஃப்டீன் கெஸ்ட்ஸ்?" கஸ்டமர் சொல்றார், "ஃபிஃப்டி, நாட் ஃபிஃப்டீன்." விடை 50. இதை தமிழ்ல எழுதிக் காட்டுனா யாரும் தப்பு பண்ண மாட்டாங்க, ஆனா ஓடுற ஆடியோல என் க்ளாஸ்ல எப்பவும் நாலஞ்சு பேர் 15 எழுதுவாங்க. ரொம்ப நாள் இது காது பிரச்சனைன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். அப்புறம் ஒரு பொண்ணு சொல்லுச்சு, "சார், அவர் ஃபிஃப்டி இல்ல, ஃபிஃப்டீன்னுதானே சொன்னாரு?" அப்பதான் எனக்கு மண்டையில உறைச்சுது. நம்ம ஊர்ல ஒண்ணை மறுக்கணும்னா "பதினஞ்சு இல்ல, அம்பது"ம்போம். இல்லங்கிறது எதை மறுக்குதோ அதுக்குப் பின்னாடி வந்து ஒட்டும். இங்கிலீஷ்ல நாட் எதை மறுக்குதோ அதுக்கு முன்னாடி நிக்கும். ஆடியோ வேகமா ஓடுறப்போ மண்டை தமிழ்ப் பழக்கத்துல "ஃபிஃப்டி நாட்"னு ஒண்ணா சேர்த்து முடிச்சுப் போட்டுடுது, அப்போ அம்பது செத்துப் போச்சு, பதினஞ்சு உயிரோட நிக்குது. அதுக்கு மேல கடைசி நம்பர் ரூலும் 15-ஐத்தான் காட்டுது. ரெண்டும் சேர்ந்தா அந்தப் புள்ளை என்னதான் பண்ணும்?

இதுக்கு மருந்து சின்னதுதான். நாட் காதுல விழுந்ததும் அடுத்து வர்ற வார்த்தைதான் சாகப் போகுதுன்னு பழக்கணும். க்ளாஸ்ல நான் ஒரு வாரம் இதை மட்டும் வாயால சொல்ல வைப்பேன், "த்ரீ, நாட் ஃபோர்", "நாட் ஃபோர், த்ரீ", மாத்தி மாத்தி ஒருத்தர் சொல்லணும், எதிர்ல இருக்கிறவங்க உயிரோட இருக்கிற நம்பருக்கு விரலைக் காட்டணும். சின்னப் பசங்க விளையாட்டு மாதிரி இருக்கும், சிரிப்பாங்க, ஆனா மூணாம் நாள் பாதிப் பேருக்கு விரல் டக்குனு வரும்.

அடுத்தது நம்பர் யாரோடது. பார்ட் 1-ல எப்பவும் ரெண்டு பேர் பேசுவாங்க, ஒருத்தர் விவரம் வெச்சிருப்பார், இன்னொருத்தர் கேட்டு ஃபார்ம்ல எழுதிக்குவார். ஃபோன் நம்பர், வயசு, எத்தனை பேர் வர்றாங்க, இதெல்லாம் கஸ்டமரோட சொத்து. விலை, டைம், எந்த நாள் காலியா இருக்கு, இதெல்லாம் ஆபீஸ்காரங்க சொத்து. சொத்துக்காரர் வாயில இருந்து வர்றதுதான் செல்லும், இல்லைன்னா அடுத்தவர் சொன்னதுக்கு சொத்துக்காரர் தலையாட்டுனா செல்லும். ரிசப்ஷனிஸ்ட் "சோ தட்ஸ் ஃபோர் ஃபிஃப்டீன்"னு திருப்பிப் படிச்சதும் நிறைய பேர் பேனாவை எடுத்துடுறாங்க, கஸ்டமர் எஸ் சொல்றாரா நோ சொல்றாரான்னு அந்த அரை செகண்ட் காத்திருக்கிறது இல்ல. திருப்பிப் படிக்கிற இடம் பெரும்பாலும் உறுதிப்படுத்துறதுக்காக வரும், சில சமயம் வேணும்னே தப்பாப் படிக்க வெச்சு அதைத் திருத்துறதுக்காகவும் வரும். சொத்து சில நேரம் கை மாறும்கிறதையும் கவனிங்க, எந்த நாள் காலின்னு சொல்றது ஆபீஸ்காரங்கன்னாலும் எந்த நாளை எடுத்துக்கிறதுன்னு முடிவு பண்றது கஸ்டமர்தான், ஃபார்ம்ல கேட்டிருக்கிறது புக் பண்ண தேதின்னா கஸ்டமர் சொல்ற ஓகேதான் கணக்கு.

இனி திருத்தம் நடக்குதுன்னு காட்டுற வார்த்தைங்க. எல்லா புத்தகத்துலயும் ஒரு லிஸ்ட் போட்டிருப்பாங்க, சாரி, ஆக்சுவலி, ஹேங் ஆன், ஐ மீன், நோ வெயிட், மேக் தட், இந்த மாதிரி. லிஸ்ட் சரிதான், ஆனா அதை ஃபயர் அலாரம் மாதிரி எடுத்துக்காதீங்க. சாரியை மட்டும் பாருங்க. குரல் கீழ இறங்கி "சாரி, செவன்டி"ன்னா திருத்தம். குரல் மேல ஏறி "சாரி?"ன்னா "என்ன சொன்னீங்க, காதுல விழலை"ன்னு அர்த்தம், நம்பர் எதுவும் மாறலை, அதே நம்பர்தான் திரும்ப வரும். "சாரி, வீ'ர் ஃபுல் தட் டே"ன்னா வருத்தம் தெரிவிக்கிறாங்க, திருத்தலை, ஆனா அந்த நாள் அவுட். மூணும் ஒரே வார்த்தை. ஆக்சுவலியும் அப்படித்தான், சில பேர் பேச்சுக்குப் பேச்சு ஆக்சுவலி சொல்லுவாங்க, நம்ம ஆளுங்க "ஆக்சுவலா பார்த்தா"ன்னு ஆரம்பிக்கிற மாதிரி.

இன்னொரு வகை இருக்கு, எந்த வார்த்தையும் இல்லாம மாத்துறது. "இட் வாஸ் தர்ட்டி பவுண்ட்ஸ் லாஸ்ட் இயர்"னு சொல்லிட்டு வேற எதையோ பேசிட்டு "இட்ஸ் தர்ட்டி ஃபைவ் நவ்"ம்பாங்க. இது திருத்தமே கிடையாது, ரெண்டு நம்பரும் உண்மை, ஒண்ணு பழசு ஒண்ணு புதுசு. பொதுவா இவ்வளவு, மாணவருக்கு இவ்வளவு, வாரநாள்ல இவ்வளவு, வீக்கெண்ட்ல இவ்வளவு, இதெல்லாமும் அந்த ரகம்தான். இங்க விடையைத் தீர்மானிக்கிறது ஆடியோ இல்ல, உங்க முன்னாடி இருக்கிற ஃபார்ம்ல அந்தக் கோட்டுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குங்கிறதுதான். அதனால ஆடியோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேள்வியைப் படிக்க டைம் தர்றாங்க இல்லையா, அதுல மொத்தமா, ஒருத்தருக்கா, முன்பணமா, இந்த மாதிரி வார்த்தைங்களுக்கு அடியில ஒரு கோடு இழுத்து வெச்சுக்கங்க. வேற எதுக்கும் அந்த நேரத்தை நான் செலவு பண்ணச் சொல்றதில்லை.

சரி, ஒரு முழு உரையாடலைப் பிரிச்சுப் பார்க்கலாம். இது நான் க்ளாஸுக்காக எழுதுனது, நிஜப் பரீட்சையில ஒரே இடத்துல இவ்வளவு முறுக்கு வைக்க மாட்டாங்க, நான் வேணும்னே எல்லாத்தையும் ஒண்ணா திணிச்சிருக்கேன். ஒரு பொண்ணு சமையல் க்ளாஸ் புக் பண்றாங்க. ஃபார்ம்ல நாலு கோடு: தேதி, எத்தனை பேர், மொத்தக் கட்டணம், ஃபோன் நம்பர். ரிசப்ஷனிஸ்ட் சொல்றாங்க, அடுத்த க்ளாஸ் மார்ச் தர்ட்டீன்த். பொண்ணு, "ஓ, தட்ஸ் மை சிஸ்டர்ஸ் பர்த்டே. எனிதிங் ஆஃப்டர் தட்?" ரிசப்ஷனிஸ்ட், "த ட்வென்டியத்... ஹேங் ஆன், நோ, தட்ஸ் ஃபுல். ஹவ் அபவுட் த ட்வென்டி செவன்த்?" பொண்ணு கொஞ்சம் யோசிச்சிட்டு, "ஆக்சுவலி, மை சிஸ்டர் குட் கம் டூ. இட் குட் பி ஹெர் பர்த்டே ட்ரீட். லெட்ஸ் கோ ஃபார் த ஃபர்ஸ்ட் ஒன்." ரிசப்ஷனிஸ்ட், "லவ்லி."

விடை 13. கடைசியா காதுல விழுந்த நம்பர் 27, அதுதான் நிறைய தாள்ல இருக்கும். 13-ங்கிறது ஒரே ஒரு தடவைதான் சொல்லப்பட்டுச்சு, அதுவும் முதல்லயே, அப்புறம் வேண்டாம்னு தள்ளப்பட்டு, அப்புறம் நம்பரே சொல்லாம "ஃபர்ஸ்ட் ஒன்"னு திரும்ப உள்ள வந்துச்சு. இதைப் பிடிக்கணும்னா 13-ஐ அழிச்சிருக்கக் கூடாது. அதனாலதான் நான் ரப்பரை மேசையில இருந்தே எடுத்து வெச்சுடச் சொல்றேன். மூணு நம்பரையும் கேள்வித்தாள்ல ஓரமா எழுதுங்க, 13, 20, 27, தள்ளுனதுக்கு மேல லேசா ஒரு கோடு. கோடு போட்டதைப் படிக்க முடியணும், அது முக்கியம். திரும்ப வந்தா வட்டம் போட்டுக்கலாம்.

அடுத்து எத்தனை பேர். "சோ, டூ ஆஃப் யூ?" "வெல், த்ரீ இஃப் மம் கம்ஸ்... நோ, ஷீ'ஸ் அவே தட் வீக். ஜஸ்ட் அஸ்." விடை 2. இங்க இஃப்ங்கிற சின்ன வார்த்தைதான் ஆள். இஃப், மே பி, ஐ வாஸ் திங்கிங் ஆஃப், இதுக்குப் பின்னாடி வர்ற நம்பர் எல்லாம் மிதக்குற நம்பர், யாராவது வந்து அதை ஆணியடிக்கிற வரைக்கும் விடையாகாது. கட்டணம்: "இட்ஸ் ஃபார்ட்டி ஃபைவ் பவுண்ட்ஸ் ஈச், பட் ஃபார் டூ இட்ஸ் எய்ட்டி. யூ பே ட்வென்டி டுடே அண்ட் த ரெஸ்ட் ஆன் த டே." மொத்தக் கட்டணம் 80. பொறுப்பான பசங்க 45-ஐ ரெண்டால பெருக்கி 90 எழுதுறதையும் பார்த்திருக்கேன், அவசரக்காரங்க 20 எழுதுவாங்க. லிசனிங்ல உங்களை கணக்குப் போட விட மாட்டாங்க, விடை ஆடியோல சொல்லப்பட்ட ஒண்ணாதான் இருக்கும், கணக்குப் போடத் தோணுச்சுன்னாலே எதையோ கேக்காம விட்டுட்டீங்கன்னு அர்த்தம்.

இப்போ ஃபோன் நம்பர், எனக்குப் பிடிச்ச இடம். பொண்ணு சொல்லுது: "ஓ ஒன் சிக்ஸ் த்ரீ டூ, நைன் சிக்ஸ் ஓ, ஃபோர் எய்ட்... சாரி, ஓ டபுள் ஃபோர் எய்ட்." நம்ம தாள்ல என்னென்ன வரும்? ஒருத்தர் 01632960480448-னு நீளமா எழுதி வெச்சிருப்பார், சாரியை காதுலயே வாங்கலை. இன்னொருத்தர் சாரிக்கு முன்னாடி வந்த குட்டிக் கொத்தை மட்டும் அடிச்சிட்டு 016329600448-னு எழுதுவார், எண்ணிப் பார்த்தா 12 இலக்கம், ஒரு சைபர் கூட. சரியான விடை 01632960448, பதினொண்ணு.

ஏன் அப்படின்னா, பேசுறவங்க திருத்துறப்போ தப்பான எழுத்துல இருந்து மட்டும் ஆரம்பிக்க மாட்டாங்க, பெரும்பாலும் ஒரு அடி பின்னாடி போய் சரியா இருந்த ஒண்ணைத் திரும்பச் சொல்லிட்டு அங்கேர்ந்து வருவாங்க. சைக்கிள்ல பள்ளத்துல மாட்டுனா கொஞ்சம் பின்னாடி தள்ளிட்டுப் போய் திரும்ப மிதிக்கிற மாதிரி. இந்தப் பொண்ணு திருத்தத்தை "ஓ"ல ஆரம்பிக்குது. அப்போ நீங்க எழுதுனதுல பின்னாடியிருந்து தேடுங்க, கடைசியா எந்த இடத்துல ஓ இருக்கு? 96-க்கு அடுத்து இருக்கு. அந்த ஓ மேல இந்த ஓ-வைப் பொருத்துங்க, அதுக்குப் பின்னாடி இருந்தது எல்லாம் போச்சு, புதுசா சொன்னது வந்து உக்காரும். முதல்லயும் ஒரு ஓ இருக்கேன்னு குழம்ப வேண்டாம், பக்கத்துல இருக்கிறதுதான் கணக்கு. இது என் சொந்தச் சரக்கு இல்ல. வில்லெம் லெவெல்ட்னு ஒரு டச்சு மொழி உளவியல் ஆய்வாளர், 1983-ல ஒரு பெரிய கட்டுரை எழுதினார், வண்ணப் புள்ளிங்க கோத்த படங்களை மக்களை வாயால விவரிக்கச் சொல்லி, அவங்க தன்னையே திருத்திக்கிட்ட இடங்களையெல்லாம் பிரிச்சுப் பார்த்தார். திருத்தத்தோட முதல் வார்த்தை முன்னாடி சொன்ன ஏதாவது வார்த்தையாவே இருந்தா, கேக்குறவர் அந்த வார்த்தையில இருந்து தொடர்ச்சியா எடுத்துக்கிறார்ங்கிறது அவர் சொன்னதுல ஒண்ணு. அதே வார்த்தை இல்லைன்னா அதே இனத்து வார்த்தை எங்க கடைசியா வந்துச்சோ அங்க பொருத்திக்கிறோம், இது ரெண்டாவது. படிச்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, நம்ம வீட்டுல "அண்ணன் வெள்ளிக்கிழமை காலைல வர்றான்... இல்ல இல்ல, சாயங்காலம்"னு சொன்னா யாரும் வெள்ளிக்கிழமையும் மாறிடுச்சான்னு கேக்குறதில்லையே, காலை இருந்த நாற்காலில சாயங்காலம் போய் உக்காருது, அவ்வளவுதான்.

இந்த ரெண்டாவது பாயின்ட்ல கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். "ட்யூஸ்டே த ஃபோர்டீன்த், சாரி, வெட்னஸ்டே"ன்னா கிழமை மாறுச்சு, தேதியும் மாறுச்சா? சொன்ன அளவுல கிழமை மட்டும்தான் மாறியிருக்கு, 14 அப்படியே நிக்குது, கிழமையைத்தான் தப்பா சொல்லிட்டாங்கன்னு எடுத்துக்கணும். நிஜ வாழ்க்கைல இது சந்தேகத்துக்குரிய இடம்தான், ஆஸ்பத்திரில யாராவது இப்படி அப்பாயின்ட்மென்ட் சொன்னா நீங்க திருப்பிக் கேப்பீங்க, கேக்கவும் வேணும். பரீட்சையில அப்படி தொங்கல்ல விட மாட்டாங்க, ஒரே ஒரு விடைதான் நியாயமா வரணும்னு பார்த்துதான் எழுதுவாங்க, அதனால குழப்பமா இருந்தா அடுத்த ஒண்ணு ரெண்டு வாக்கியத்துல தெளிவு வரும்னு காத்திருங்க.

எவ்வளவு நேரம் காத்திருக்கிறதுன்னுதான் அடுத்து கேப்பீங்க. விடைங்க எல்லாம் கேள்வி வரிசையிலயேதான் வரும், இது நிச்சயம். அதனால மூணாவது கேள்விக்கு நம்பர் விழுந்ததும் ஓரமா எழுதிட்டு கண்ணை நாலாவது கேள்வியோட வார்த்தைக்குக் கொண்டு போயிடுங்க, காது மட்டும் மூணுல இருக்கட்டும். பேச்சு நாலாவது விஷயத்துக்குத் தாவுன அந்த நொடி மூணாவது கதவு சாத்தியாச்சு, அப்போ வட்டம் போடுங்க. கதவு சாத்துனப்புறம் "ஓ, பை த வே, அந்தத் தேதி"ன்னு திரும்ப வர்றது என் அனுபவத்துல ரொம்ப அபூர்வம், வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன், அதுக்காக பயந்துகிட்டே இருந்தா நாலாவதும் போயிடும்.

கம்ப்யூட்டர்ல எழுதுறீங்கன்னா இந்த ஓரம், கோடு, வட்டம் எல்லாம் கொஞ்சம் மாறும். பேக்ஸ்பேஸ் கை ரொம்ப வேகமானது, மாத்துறாங்கன்னு தெரிஞ்சதுமே பழசை அழிச்சிடும், அப்புறம் "ஃபர்ஸ்ட் ஒன்"னு வந்தா கையில ஒண்ணும் இருக்காது. கட்டத்துக்குள்ளயே ஒரு இடைவெளி விட்டு 13 20 27-னு அடிச்சு வெச்சுட்டு கதவு சாத்துனதும் வேண்டாததை அழிங்க. அழிக்க மறந்தா மார்க் போச்சு, ரெண்டு விடை எழுதுனா அதுல ஒண்ணு சரியா இருந்தாலும் கொடுக்க மாட்டாங்க. பேப்பர்ல எழுதுனா கடைசியில விடையை எடுத்து எழுத 10 நிமிஷம் இருக்கு, கம்ப்யூட்டர்ல சரிபார்க்க 2 நிமிஷம்தான், அதனால இந்தச் சுத்தம் பண்ற வேலையை ஒவ்வொரு பார்ட் முடிஞ்சதும் வர்ற இடைவெளியிலயே முடிச்சுடணும்.

காதைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும், ஏன்னா உங்க மூணு நாலு மார்க்ல ஒண்ணு இதுல போகுதுன்னு எனக்கு சந்தேகம். தர்ட்டீனா தர்ட்டியா. டீன் மேல அழுத்தம் வந்தா பதிமூணு, முதல் பாதில வந்தா முப்பதுன்னு எல்லாரும் சொல்லித் தருவாங்க. தனியா சொல்றப்போ அது சரி. "தர்ட்டீன் பீப்பிள்"னு பின்னாடி ஒரு வார்த்தை வந்து ஒட்டுனா இங்கிலீஷ்காரங்க அழுத்தத்தை முன்னாடி தள்ளிடுவாங்க, அப்போ பதிமூணும் முப்பது மாதிரியே கேக்கும். அழுத்தத்தை நம்பாதீங்க, தமிழ்க்காரங்களுக்கு அழுத்தம் கேக்குற பழக்கமும் கம்மி. நமக்குக் குறில் நெடில் நல்லா கேக்கும், அதைப் பயன்படுத்துங்க. டீன்-ல ஈ நீளம், பின்னாடி ன் இருக்கு, நாக்கு மேல ஒட்டி மூக்கு வழியா ஒரு சின்ன இழுப்பு. தர்ட்டில வார்த்தை சட்டுனு முடிஞ்சிடும். அந்த ன் இருக்கா இல்லையான்னு மட்டும் கேளுங்க. திருத்திச் சொல்றப்போ இது இன்னும் சுலபம், ஏன்னா எந்த இடத்துல வித்தியாசமோ அந்த இடத்தைத்தான் அழுத்திச் சொல்லுவாங்க, "நோ, தர்-டீன்"னு பிச்சு வைப்பாங்க. முதல் தடவை கேட்டு குழம்பியிருந்தாலும் திருத்தத்துல தெளிவாயிடும், அதனால திருத்தம் வர்றதைப் பார்த்து பதறாதீங்க, உண்மையில அது உங்களுக்கு ரெண்டாவது வாய்ப்பு.

வீட்டுல செய்யறதுக்கு. ஏற்கனவே எழுதிப் பார்த்த பழைய டெஸ்ட்டை எடுங்க, புதுசு வேண்டாம். எழுத்து வடிவம் பின்னாடி இருக்கும், அதுல நம்பர், கிழமை, தேதி வர்ற இடத்துல எல்லாம் பென்சில்ல வட்டம் போடுங்க, ஒவ்வொண்ணுக்குப் பக்கத்துலயும் இது ஏன் செத்துச்சு இல்லைன்னா ஏன் பொழைச்சுதுன்னு ஒரே வார்த்தை எழுதுங்க: "ஃபுல்", "பழைய விலை", "இஃப்", "ஒருத்தருக்கு", "நாட்". அப்புறம் ஆடியோவைக் கேட்டுட்டே அதைப் பின்தொடருங்க. அஞ்சாறு டெஸ்ட் இப்படிப் பண்ணுனா உங்க தப்பு எல்லாம் ரெண்டு மூணு வார்த்தையிலயே திரும்பத் திரும்ப விழுறது தெரியும். எனக்குத் தெரிஞ்ச ஒரு நர்ஸுக்கு பதினொரு தப்புல ஏழு "இஃப்" ரகம், வேற எதுவுமே அவங்களுக்கு சொல்லித் தர வேண்டியிருக்கலை.

7-க்கு சுமாரா 40-க்கு 30 சரியா இருக்கணும், தாளுக்குத் தாள் ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன ஆகும். யு.கே. நர்ஸிங் கவுன்சில் லிசனிங்ல 7 கேக்குறாங்க, நீங்க அதுக்குத்தான் எழுதுறீங்கன்னா பார்ட் 1-ல போற மூணை மீட்டாலே தாண்டிடலாம்னுதான் தோணுது. ஆனா ஒண்ணு, ஆடியோவை ரெண்டாவது தடவை போட்டுக் கேட்டும், எழுத்து வடிவத்தைப் பார்க்காம, நம்பரே பிடிபடலைன்னா நான் மேல சொன்னது எதுவும் உதவாது. அது தேர்ந்தெடுக்கிற பிரச்சனை இல்ல, கேக்குற பிரச்சனை, அதுக்கு தினம் அரை மணி நேரம் அந்த ஊர் உச்சரிப்பைக் கேக்கணும், குறுக்கு வழி கிடையாது. எதுன்னு கண்டுபிடிக்க மேல இருக்கிற சமையல் க்ளாஸ் ஸ்க்ரிப்டை வீட்டுல யாரையாவது வேகமா படிக்கச் சொல்லி எழுதிப் பாருங்க. நாலும் சரியா வந்து டெஸ்ட் ஆடியோல மட்டும் போச்சுன்னா காது. வீட்டு ஆள் குரல்லயே 27-உம் 20-உம் எழுதியிருந்தீங்கன்னா, அந்தத் தாளை ஃபோட்டோ எடுத்து கீழ போடுங்க, எந்த வகைன்னு பார்த்துச் சொல்றேன்.